செய்யாத வேலைக்குப் ‘பின்’ எனப் படம் காட்டியமைக்கு எமது கண்டனம்

கட்டைபறிச்சானிலும் சூழவுள்ள கிராமங்களிலும் மேசன் வேலை, தச்சு வேலை, கம்பி வேலை, பெயின்ற் வேலை செய்து வரும் நாங்கள் எமது சங்கத்தின் பெயரால் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். இது உறுப்பினர் அனைவரும் கூடி, மாற்றுக் கருத்தின்றி எடுத்த முடிவாகும்.

எமது பிரதேசத்தில் வீட்டுத் திருத்த வேலைகளை ஒப்பந்தம் பேசி எடுக்கும் ஒரு தரப்பு, துண்டுப்பிரசுரம் ஒன்றை வீடு வீடாகக் கொடுத்துள்ளது. அதில் ஒரு வீட்டின் இரண்டு படங்கள் அருகருகே அச்சிடப்பட்டுள்ளன. முதற் படத்தின் கீழ் ‘முன் – டிசம்பர்’ என்றும் இரண்டாவதன் கீழ் ‘பின் – ஜூன்’ என்றும் உள்ளது. முதற் படத்தில் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. இரண்டாவதில் அதே சுவரில் யன்னல் மட்டம் வரை கல் பதித்திருக்கிறது. அதற்கு மேல் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்திருக்கிறது.

அந்த வீடு திருத்தப்படவில்லை. எமது உறுப்பினர்கள் நேரில் சென்று பார்த்தனர். பூச்சு உதிர்ந்த சுவர் உதிர்ந்தபடியே நிற்கிறது. அந்தச் சுவரில் யாரும் கல் பதிக்கவில்லை, பெயின்றும் அடிக்கவில்லை.

இரண்டு படங்களும் ஒரே படம். ஒரு முறை எடுத்த படத்தில் சுவரின் மேற்பரப்பை மட்டும் கணினியில் மாற்றியிருக்கிறார்கள். கூரை, யன்னல், கொடியில் காயும் சாரம், முற்றத்தில் சாய்த்து வைத்த துவிச்சக்கரவண்டி ஆகியவற்றில் கை வைக்கவில்லை. ஆறு மாத இடைவெளியில் எடுத்ததாகச் சொல்லும் இரண்டு படங்களிலும் அந்தச் சாரம் ஒரே மடிப்போடு தொங்குகிறது.

இவற்றைத் தற்செயல் என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. ஆகவே வெயிலைப் பற்றிச் சொல்கிறோம். அந்த வீட்டின் முகப்பு வடக்கே, கொட்டியாரக் குடாவை நோக்கியது. இரண்டு படங்களிலும் காலை வெயில் அந்தச் சுவரில் சரிந்து விழுகிறது. கூரை விளிம்பின் நிழல் லிண்டலுக்குக் கீழே ஒரே இடத்தில் முடிகிறது. எமது பகுதியில் செப்ரெம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதி வரை சூரியன் நாள் முழுவதும் தெற்குப் பக்கமாகவே செல்கிறது. டிசம்பரில் வடக்குச் சுவரில் வெயில் விழுவதற்கு வழியில்லை. மழை காலத்தில் வடக்கு வாசல் வீட்டில் நெல் காயப்போடும் எவருக்கும் இது தெரியும். டிசம்பர் என்று எழுதிய படம் டிசம்பரில் எடுத்ததல்ல. திகதியும் பொய்.

கல்லும் பொய் என்பதற்குக் கல்லே சாட்சி. பதித்ததாகக் காட்டும் கற்களில் ஒரு மூலை உடைந்த கல் ஒன்று உண்டு. அதே உடைவோடு அதே கல் அந்தச் சுவரில் மீண்டும் மீண்டும் வருகிறது. கற்குவாரியிலிருந்து வரும் கல் அப்படி வராது. ஒரு சிறு துண்டுப் படத்தை எடுத்துச் சுவர் முழுவதும் ஒட்டும்போது மட்டுமே அப்படி வரும்.

2006 ஓகஸ்ற்றில், மூதூர்ப் பகுதி மக்கள் கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், பெய்ரூட் நகரின் மேல் எழும் புகையைக் காட்டும் படம் ஒன்றை ரோய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. புகையின் ஒரு பகுதியைப் பிரதி செய்து பல இடங்களில் ஒட்டியிருந்தமை, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்ததால் அகப்பட்டது. அந்த நிறுவனம் படத்தை மீளப்பெற்றது. அந்தப் படப்பிடிப்பாளர் எடுத்திருந்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. பெய்ரூட்டில் குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்ததும் உண்மை. ஆனாலும் படத்தில் கை வைத்ததை அவர்கள் பொறுக்கவில்லை. இங்கே வேலையே நடக்கவில்லை.

அடுத்தது தடிப்பு. படங்களைப் பார்க்கும் ஒவ்வொருவரும் யன்னல் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சுவரில் கல் பதித்தால் கல்லின் தடிப்பும் அதன் பின்னாலுள்ள சீமெந்துக் கலவையின் தடிப்பும் சேர்ந்து சுவர் ஓர் அங்குலமளவு முன்னால் வரும். யன்னல் நிலை அந்தளவு உள்ளே போனதுபோல் தோன்றும். யன்னலின் அடித்தட்டை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் மழைநீர் கல்லின் பின்னால் இறங்கும். தண்ணீர்க் குழாயின் வாயைச் சுவரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். மின்மானிப் பெட்டியைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். ‘பின்’ என்ற படத்தில் இவற்றில் ஒன்றுமில்லை. நிலை இருந்த ஆழத்திலேயே இருக்கிறது. குழாய் இருந்த நீளத்திலேயே இருக்கிறது. சுவரின் மூலையில் கல் வரிசை திரும்பாமல் நேராக ஓடுகிறது. தடிப்பில்லாத கல் படத்தில் மட்டுமே உண்டு.

இதைவிடப் பாரதூரமான ஒன்றை அந்தப் படம் செய்திருக்கிறது. முதற் படத்தில் யன்னலுக்கு மேலே லிண்டல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதன் ஓரத்தில் செம்மண் நிறக் கறை வடிந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் வெடிப்பும் இல்லை, கறையும் இல்லை. சாம்பல் நிறம் மட்டும் இருக்கிறது.

அந்தக் கறை கம்பியின் துரு. எமது பகுதி கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கிறது. உப்புக் காற்றும், உப்புக் கலந்த மணலில் குழைத்த கொங்கிறீற்றும் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்கின்றன. துருப்பிடித்த இரும்பு தான் முன்பு அடைத்துக்கொண்ட இடத்தைப் போல் பல மடங்கு இடத்தைக் கேட்கும். அதனால் கொங்கிறீற்று உள்ளிருந்து பிளக்கிறது. கம்பி ஓடும் வழியே வெடிப்பு ஓடினால் அது பூச்சின் வெடிப்பல்ல என்பதை எந்த மேசனும் சொல்வார். பெயின்ற் அதற்கு மருந்தல்ல. தளர்ந்த கொங்கிறீற்றைக் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைத் தேய்த்து நீக்க வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். துருத்தடுப்புப் பூசி, மறுபடி கொங்கிறீற்று இட்டு, ஈரம் காயாமல் நாட்கணக்கில் நனைத்து வர வேண்டும். ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இருக்கும் அபாயத்தை ஒரு நிறத்தால் மறைத்து, அதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுவரின் அடியில் உதிர்ந்த பூச்சுக்கும் காரணம் உண்டு. நிலத்து ஈரம் அத்திவாரத்தின் வழியே ஏறுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழையை நேராக வடக்குச் சுவரில் அடிக்கிறது. நீர் காயும்போது அதிலுள்ள உப்பு பூச்சுக்குள் பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. ஈரம் ஏறுவதைத் தடுக்காமல் அந்தச் சுவரைக் கல்லால் மூடினால் ஈரம் வெளியேற இடமில்லாமல் இன்னும் உயர ஏறும். படத்தில் காட்டிய வேலையை அப்படியே செய்திருந்தாலும் அது அந்த வீட்டுக்குக் கேடாகவே முடிந்திருக்கும்.

இப்படிக் கேடு வரும் என்பது எமது ஊகமல்ல. அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து ஒரு குடும்பம் தமது வீட்டுக்கும் அதேபோல் செய்யக் கேட்டு முற்பணம் கொடுத்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணம் அது. அவர் வீட்டை நேரில் பார்க்கும் நிலையில் இல்லை. படத்தைப் பார்த்தார்; நம்பினார்.

அந்த வீட்டின் சுவரில் பழைய பெயின்றைச் சுரண்டாமல், பூச்சைக் கொத்தாமல், சுவரை நனைக்காமல் கலவையை வைத்துக் கல்லை ஒட்டினார்கள். பெயின்றின் மேல் வைக்கும் சீமெந்துக் கலவை சுவரில் பிடிக்காது. அது பிடித்திருப்பது பெயின்றை, சுவரையல்ல. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கருங்கல் ஒரு சதுர அடிக்கு ஐந்து கிலோவுக்குக் கிட்ட நிறை கொண்டது. அந்த நிறையைத் தாங்கியது உப்புப் பூத்த பூச்சின் மேலிருந்த ஒரு பெயின்ற் படை. வாடை மழை தொடங்கியதும் யன்னலுக்குக் கீழிருந்த கற்கள் வரிசையாக விழுந்தன. அவற்றின் பின்பக்கத்தில் பழைய பச்சைப் பெயின்ற் தகடாக ஒட்டியிருந்தது. அந்தக் கற்களை எமது உறுப்பினர்கள் பார்த்தனர். அவ்விடத்தில் பிள்ளைகள் எவரும் நிற்காதது அவர்களின் நல்ல காலம்.

முற்பணம் திரும்பக் கொடுக்கப்படவில்லை.

படத்திலுள்ள வீட்டுக்காரரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவரது வீட்டைப் படம் எடுத்ததே அவருக்குத் தெரியாது. ஊரார் வந்து வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்று கேட்டபோதுதான் தெரியவந்தது. திருத்த வசதியில்லாமல் இருக்கும் ஒருவரின் சுவரை ஊருக்குக் காட்டி, அதை வைத்து இன்னொருவரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எமது கூலியையும் இந்தப் படம் தொட்டிருக்கிறது. புதுப் பூச்சு பூசினால் அது காய்வதற்கு நான்கு கிழமையளவு விட்டுத்தான் பெயின்ற் அடிக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் சீமெந்தின் காரம் நிறத்தை வெளுக்கச் செய்யும். பெயின்ற் கொப்புளித்து உரியும். இந்த நான்கு கிழமையை நாங்கள் மதிப்பீட்டில் எழுதிக் கொடுக்கும்போது, ‘அவர்கள் ஒரு கிழமையில் முடித்துத் தருகிறார்களாம்’ என்று வீட்டுக்காரர் துண்டுப்பிரசுரத்தை நீட்டுகிறார். கொத்தும் கூலியையும் கம்பிக் கூலியையும் வெட்டச் சொல்கிறார். நடக்காத வேலையோடு எமது வேலையை ஒப்பிட்டு விலை பேசும் நிலைக்கு எம்மைத் தள்ளியிருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். வீட்டின் படத்தில் நிறம் மாற்றிப் பார்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எந்த நிறம் எடுப்பது, கல்லை எந்த மட்டம் வரை பதிப்பது என்று வீட்டுக்காரர் முடிவெடுப்பதற்கு அது உதவும். எமது உறுப்பினர்களில் இளையவர்கள் கைத்தொலைபேசியில் அப்படிச் செய்து காட்டுகிறார்கள். அதன் கீழே ‘மாதிரிப் படம்’ என்று எழுதுகிறார்கள். அது இனிச் செய்யக்கூடிய ஒன்றைக் காட்டும் படம். ‘பின்’ என்று எழுதினால் செய்து முடித்த ஒன்றைக் காட்டுவதாகப் பொருள். அந்த எழுத்தை இட்டவர் வேலை நடந்ததற்குச் சாட்சி சொல்கிறார். அவர் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறார் என்பதே எமது குற்றச்சாட்டு.

வீட்டுப் படம் என்பது எமது மக்களுக்கு அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின்னும், 2006 இடப்பெயர்வுக்குப் பின்னும், உடைந்த வீட்டின் படம் கோவையில் இருந்தது. சம்பூர் மக்கள் எமது ஊரின் முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோது, தமக்கு அங்கே வீடு இருந்தது என்பதற்கு அவர்களில் பலரிடம் இருந்தது ஒரு படம்தான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா ஒதுக்கப்பட்டபோது அந்தப் பணம் ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த பணம் வந்தது. செய்த வேலைக்கே பணம் என்ற முறை எமது ஊரில் புதிதல்ல. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் நாங்கள். அவற்றில் பல இப்போது திருத்த வேலைக்கு வரும் வயதில் இருக்கின்றன. இந்தத் தரப்பு கைவைப்பது அந்த வீடுகளில்தான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வர்த்தகர் எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடக் கூடாது என்கிறது. 31 ஆம் பிரிவு பொருள்கள், சேவைகள் பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதைத் தடுக்கிறது. அந்தத் துண்டுப்பிரசுரம் இரண்டையும் மீறுகிறது என்பது எமது நிலைப்பாடு.

கணினியில் மாற்றிய படம் பற்றித் தனிச் சட்டம் இல்லையே என்று அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் எமது உறுப்பினரிடம் சொல்லியுள்ளார். பொய் சொன்ன கருவி எதுவென்று மேலே சொன்ன பிரிவுகள் கேட்பதில்லை. தனிச் சட்டம் வேண்டுமென்பவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கு வீடு விற்கும் விளம்பரத்தில் மாற்றிய படம் போட்டால் மாற்றியதாக அறிவிக்க வேண்டும், மாற்றாத மூலப் படத்தையும் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எவற்றை மாற்றினால் அறிவிக்க வேண்டும் என்பதில் சுவரின் பெயின்ற் நிறமும் வீட்டின் முகப்பும் சேர்க்கப்பட்டுள்ளன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது அதில் அடங்காது. எமது கோரிக்கையும் அந்தளவே.

அந்தத் தரப்பு தனது துண்டுப்பிரசுரத்தை மீளப்பெற்று, படத்திலுள்ள வீட்டில் தான் வேலை செய்யவில்லை என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கல் விழுந்த வீட்டின் முற்பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிடின் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வோம். விழுந்த கற்களும் துண்டுப்பிரசுரமும் அதற்காகப் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் அந்தத் தரப்புக்குப் பதிவு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுள்ளோம். விசாரணைக்குப் போகவிருக்கும் விடயமாதலால் இந்த அறிக்கையில் பெயரைத் தவிர்த்துள்ளோம்.

எமது உறுப்பினர்களுக்கும் ஒரு விதி வகுத்துள்ளோம். முன்–பின் படம் காட்டுபவர், இடையில் நடந்த வேலையின் படத்தையும் காட்ட வேண்டும்: கொத்திய சுவர், வெளியே தெரியும் கம்பி, காயவிட்ட பூச்சு. வேலை செய்தவரிடம் அந்தப் படங்கள் இருக்கும். வீட்டுக்காரர் கேட்டால் அந்த வீட்டுக்கு நேரில் கூட்டிச் செல்ல வேண்டும். வேலை கொடுப்பவர்கள் எமது உறுப்பினரிடமும் இவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கல் விழுந்த சுவரில் மீதமுள்ள கற்களை இறக்கும் வேலையை எமது சங்கம் கூலியின்றிப் பொறுப்பேற்றுள்ளது. மழை விட்டதும் வேலை தொடங்கும். அந்த யன்னலுக்கு மேலிருக்கும் லிண்டலையும் கொத்திப் பார்க்க உள்ளோம். வேலை முடியும்வரை அந்தச் சுவரோரம் எவரும் நடமாட வேண்டாம் என்று அக்குடும்பத்தையும் அயலவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நிர்வாகக் குழுவும் உறுப்பினர்களும்
கட்டைபறிச்சான்